இழவு வீட்டுச் சிரிப்பைக் கவிதைக்குள் கொண்டுவருவது

சோழன் கிள்ளிவளவன் குளமுற்றத்தில் இறந்தான். அந்த ஒரே சாவுக்குப் புறநானூற்றில் அடுத்தடுத்து மூன்று பாடல்கள் இருக்கின்றன: 226, 227, 228. மூன்றும் தலைவனை இழந்து செயலற்று நிற்பவர்களின் குரல். ஆனால் மூன்றிலும் குறும்பு இருக்கிறது.

மாறோக்கத்து நப்பசலையார் கூற்றுவனைப் பிச்சைக்காரனாக்கிவிடுகிறார். பகைத்தோ சினந்தோ இவன் உயிரை எமன் வாங்கியிருக்க முடியாது. பாடிப் பரிசில் கேட்பவர்களோடு சேர்ந்து நின்று, கைகூப்பி, இரந்துதான் வாங்கியிருப்பான் என்கிறார். ஆடுதுறை மாசாத்தனார் எமனை நேருக்கு நேர் முட்டாள் என்று திட்டுகிறார். போர்க்களத்தில் நாள்தோறும் யானையும் குதிரையும் ஆளுமாக உனக்குத் தீனி போட்டவன் இவன்; இவனையே தின்றுவிட்டாயே, விதைநெல்லைப் பொங்கித் தின்றவன் மாதிரி; இனி உன் பசிக்கு யார் போடுவார்கள் என்று கேட்கிறார். ஐயூர் முடவனார் எமனை விட்டுவிட்டு, தாழி செய்யும் குயவரிடம் பேசுகிறார். இவன் புகழுக்கு ஏற்ற தாழி வேண்டும். பாவம், உன் பாடு என்னாகும் என்று முதலில் பரிதாபப்பட்டுவிட்டு, நிலத்தைச் சக்கரமாகவும் பெரிய மலையை மண்ணாகவும் வைத்து வனைய முடியுமா என்று ஆர்டர் கொடுக்கிறார்.

சாவு வீட்டுக் கவிதையில் சிரிப்பு வரலாமா என்று தயங்குகிறவர்கள் இந்த மூன்றையும் வரிசையாக வாசித்துவிட்டு எழுத உட்காரலாம். மூன்று புலவர்களும் சிரிப்பை எங்கே வைத்தார்கள், எங்கே வைக்கவில்லை என்பதில் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பாடம் முழுக்க இருக்கிறது.

ஒரே ஒரு சோதனை

மாசாத்தனார் பாடலில் சிரிப்பு எதனால் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். எமன் தனக்குச் சோறு போட்டவனையே தின்றுவிட்டான், அதனால். சோறு போட்டவன் யார்? செத்துக் கிடக்கும் அரசன். நகைச்சுவையை விளக்கப் போனால் இறந்தவனைப் பற்றியும் அவன் பெருமையைப் பற்றியும் பேசாமல் விளக்கவே முடியாது. முடவனாரின் தாழியும் அப்படித்தான். தாழி ஏன் அவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற கேள்விக்குக் கிள்ளிவளவன்தான் பதில்.

இதைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கவிதையில் ஒரு சிரிப்பு வந்தால், "இது ஏன் சிரிப்பு?" என்று கேளுங்கள். பதில் இழப்பின் வழியாகப் போனால் வரி இருக்கட்டும். இழப்பைத் தொடாமலே பதில் சொல்ல முடிந்தால் அந்த வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கவிதைக்கு உரியதல்ல; வேறு கவிதைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லி கல்லாக இருந்தது என்று ஒரு வரி. ஏன் சிரிப்பு? இட்லி கல், அவ்வளவுதான். படுக்கையில் கிடப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே கேன்டீனில், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்ட படுக்கைக்கு அம்மா தினமும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு போனாள் என்று எழுதினால், இட்லி இப்போது நோயாளியைச் சேர்ந்துவிடுகிறது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கோட்பாட்டுக்குள் இதற்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் இழவுக் கவிதை எழுதுபவருக்கு இந்தப் பட்டியல் கைக்கு அடக்கமான கருவி. எள்ளல் என்பது கேலி. இளமை, குழந்தைத்தனம். மற்ற இரண்டும், ஒன்றை ஆராயாமல் நம்பிவிடுவதையும் தப்பாகப் புரிந்துகொள்வதையும் ஒட்டியவை.

பின் மூன்றிலும் யாரும் யாரையும் தாழ்த்துவதில்லை. தாத்தா ஐஸ்பெட்டிக்குள் குளிரில் நடுங்குவாரே என்று போர்வை கொண்டுவரும் பேரன் இளமை. இறந்தவர் கைபேசிக்கு வந்த அழைப்பை எடுத்து, "அவர் படுத்திருக்கார், அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடும் பாட்டி பேதைமை. துக்கத்தில் எல்லோருமே கொஞ்ச நேரம் அறிவிழந்து நிற்கிறோம். அந்தக் கணங்கள் தாமாகவே சிரிப்பாகவும் அழுகையாகவும் இருக்கின்றன. எழுதுபவர் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

எள்ளலுக்குத்தான் கவனம் வேண்டும். அது கூடாது என்பதல்ல. மாசாத்தனார் செய்ததே எள்ளல்தான், ஆனால் எமனை. ஒப்பாரியிலும் எள்ளல் தாராளம்: சீர் செய்யாத அண்ணனையும், உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத பங்காளியையும் பெண்கள் பாட்டிலேயே ஒரு பிடி பிடிப்பார்கள். அடிபடுபவர் பலசாலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எமன், பணம், ஆஸ்பத்திரி விதிமுறை, வராத சொந்தம், எல்லாவற்றுக்கும் மேலாக எழுதுபவர் தாமே.

*எச்சரிக்கை:* இங்கே நம் பழைய சினிமா நகைச்சுவை கையைப் பிடித்து இழுக்கும். பறை அடிப்பவர், வெட்டியான் என்று அழைக்கப்படும் சுடுகாட்டுத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், தமிழைத் தன் மொழியின் வாடையோடு பேசும் செவிலியர் ஆகியோரைச் சிரிப்புப் பொருளாக்கும் வரிகள் தயாராகவே இருக்கின்றன. அவை சாதியையும் பிழைப்பையும் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புகள். அந்தத் தொழிலாளி வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அவர் சொன்னதாக எழுதலாம். அவரே வேடிக்கையாகிவிடக் கூடாது.

எந்தச் சாவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேரன் பேத்தி எடுத்து, வயதாகி, படுக்கையில் அதிகம் கிடக்காமல் போனால் ஊரில் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். வெடி, ஆட்டம், பந்தலில் உட்கார்ந்து இறந்தவரின் பழைய குறும்புகளைப் பேசிச் சிரிப்பது என எல்லாம் உண்டு. அங்கே கவிதையின் சிரிப்புக்குச் சபையே அனுமதி கொடுத்துவிட்டது. அகால மரணத்தில் அந்த அனுமதி கிடையாது. குழந்தையின் சாவிலும் தற்கொலையிலும் சிரிப்பு வந்தால், அது எழுதுபவரின் சொந்தத் தடுமாற்றத்திலிருந்து மட்டும் வரட்டும். வேறு யாரையும் தொட வேண்டாம். அப்படியும் வரவில்லையென்றால் வராமலே இருக்கட்டும்.

எழுதும் வரிசை: ஒரு கவிதை உருவான விதம்

கீழே வரும் வரிகள் இந்த அத்தியாயத்துக்காக எழுதப்பட்டவை. பொருள், அப்பாவின் சாவுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்.

1. நடந்ததை எழுதி வையுங்கள். சிரிப்பைத் தேடாமல், யார் என்ன சொன்னார்கள், எதற்கு என்ன விலை, என்ன பொருள் எங்கே இருந்தது என்று ஒரு பக்கம். இழவு வீட்டில் பேசுகிற பேச்சில் பாதி கணக்குதான்: ஐஸ்பெட்டி வாடகை, நாற்காலி எத்தனை, மாலை எவ்வளவு, தேர்ப்பாடையா வண்டியா. இந்தக் கணக்குதான் கச்சாப் பொருள். "அப்பா நல்லவர்", "வீடே இருண்டது" போன்ற வரிகள் குறிப்பில் வேண்டாம். பிளக்ஸ் கவிதைக்கான குறிப்பில் இருந்தவை இவை: அப்பா தனியாக எடுத்த படம் வீட்டில் இல்லை, கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள், பக்கத்தில் நின்றவரின் கை தோளிலேயே தங்கிவிட்டது, அதை அழிக்கக் கடைக்காரர் தனிக்காசு கேட்டார், பிளக்ஸில் "கண்ணீர்" என்பது "கண்ணிர்" என்று அச்சாகியிருந்தது.

2. முதல் வரைவைக் கொட்டிவிடுங்கள். அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> செத்த பிறகுதான் அப்பா
> பத்தடிக்கு வளர்ந்தார்!
> கண்ணீரிலும் எழுத்துப் பிழை விட்ட
> கடைக்காரன் வாழ்க!
> சிரிப்பதா அழுவதா
> தெரியவில்லை எனக்கு.

3. ஒவ்வொரு சிரிப்பையும் சோதியுங்கள். "பத்தடிக்கு வளர்ந்தார்" சுமார் ரகம். வீட்டில் அவருக்குத் தனிப்படம்கூட இல்லை என்ற விஷயத்தோடு சேர்ந்தால் உயிர் பிடிக்கும், தனியாக நின்றால் வெறும் சாமர்த்தியம். எழுத்துப் பிழை வரி தோற்றுப்போகிறது. ஏன் சிரிப்பு? அச்சுப் பிழை. கல்யாணப் பத்திரிகையில் வந்திருந்தாலும் அதே சிரிப்புதான். தவிர, அது கூலிக்கு வேலை செய்பவரை எள்ளுகிறது. அதை வெட்டுவது கஷ்டம், ஏனென்றால் கூட்டத்தில் வாசித்தால் அதற்குத்தான் முதலில் கைதட்டு விழும். வெட்டித்தான் ஆக வேண்டும். கடைசி இரண்டு வரிகள் இந்த வகைக் கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் நோய். சிரிப்பதா அழுவதா என்று வாசகர் திண்டாட வேண்டிய இடத்தில் கவிஞர் முந்திக்கொண்டு அறிவிப்புச் செய்கிறார். தோளில் தங்கிய கையோ இந்த வரைவில் வரவே இல்லை. குறிப்பில் இருந்ததிலேயே பெரிய விஷயம் அதுதான். முதல் வரைவு பெரும்பாலும் கெட்டிக்காரத்தனத்தின் பின்னால் ஓடி, பக்கத்திலிருப்பதை விட்டுவிடும்.

4. சமதளக் குரலில் திரும்ப எழுதுங்கள். ஆச்சரியக்குறி, "ஐயோ", "பாவம்", சிலேடை எதுவும் வேண்டாம். சிலேடை வந்தவுடன் வாசகர் கண் கவிஞரின் பக்கம் போய்விடும். இங்கே பார்க்க வேண்டியவர் கவிஞர் அல்ல.

> கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கேட்டார்கள்.
> அப்பா தனியாக நின்ற படம்
> வீட்டில் இல்லை.
> அத்தை மகள் கல்யாணத்தில்
> எட்டுப் பேரில் ஒருவராக நின்றிருந்தார்.
> ஏழு பேரை வெட்டினார் கடைக்காரத் தம்பி.
> "தோள்ல ஒரு கை இருக்குண்ணே.
> எடுக்கணும்னா இருநூறு கூட ஆகும்."
> இருக்கட்டும் என்றேன்.
> தெருமுனையில் பத்தடி உயரத்தில்
> அப்பா சிரிக்கிறார்,
> தோளில் நான்கு விரல்கள்.
> யார் கை அது என்று
> வந்தவரெல்லாம் கேட்டார்கள்.
> அம்மா தன் கையை
> முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

5. சிரிப்பின் இடத்தைப் பாருங்கள். இங்கே சிரிப்பு கடைக்காரர் பேச்சில் தொடங்கி "யார் கை அது" என்ற கேள்வியில் உச்சத்துக்கு வருகிறது. அதற்கு உடனே கீழே அம்மா. சிரித்த வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடுவதால், அந்தச் சிரிப்பே வாசகரை அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இடையில் ஒரு வரி விளக்கம் போட்டிருந்தால், "அது அம்மாவின் கை" என்று சொல்லியிருந்தால், எல்லாம் போச்சு.

சிரிப்போடு முடிக்கக் கூடாதா? முடிக்கலாம். எமன் பசிக்கு இனி யார் சோறு போடுவார் என்ற கேலியில்தானே மாசாத்தனார் முடிக்கிறார். கேலிக்கான பதில் இழப்பாகவே இருக்கும்போது கடைசி வரி தாங்கும். பதில் வேறாக இருந்தால் கவிதை துணுக்காகிவிடும்.

"இருக்கட்டும் என்றேன்" என்ற வரியையும் கவனிக்க வேண்டும். பேசுபவர் இருநூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தாரா, அந்தக் கை யாருடையது என்று தெரிந்து விட்டுவைத்தாரா? கவிதை சொல்லவில்லை. கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டால் கேலி பேசுபவர் மேலேயே விழுகிறது. அன்பு என்று எடுத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை. இரண்டும் திறந்திருப்பதே நல்லது.

*குறிப்பு:* ஒரு கவிதைக்கு ஒரு சிரிப்புப் போதும். இரண்டாவது வந்தால் வாசகர் மூன்றாவதற்குத் தயாராகிவிடுவார். பிறகு அம்மா முந்தானைக்குள் கையை இழுத்தாலும் அதையும் நகைச்சுவையாகவே வாசிப்பார்.

ஆஸ்பத்திரி: அங்கே சிரிப்பு காகிதத்தில் இருக்கிறது

சாவு வீட்டில் சிரிப்பு மனிதர்களிடமிருந்து வருகிறது. ஆஸ்பத்திரியில் அது பெரும்பாலும் படிவம், டோக்கன், அறிவிப்புப் பலகை, ரசீது ஆகியவற்றிலிருந்து வருகிறது. அந்த மொழிக்கு யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது தெரியாது. அந்தத் தெரியாமையே பேதைமை; இந்த முறை பேதை ஒரு கணினி. நோயாளி இறந்த பிறகும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்தி பல குடும்பங்களுக்கு வந்திருக்கும்.

> அப்பா போன ஒன்பதாம் நாள்
> அப்பாவின் எண்ணுக்கே வந்தது.
> நாளை காலை 10 மணிக்குப் பரிசோதனை.
> வெறும் வயிற்றில் வரவும்.
> அம்மா படித்துக்காட்டச் சொன்னாள்.
> "தண்ணியாவது குடிச்சிட்டு வரலாமான்னு
> கேட்டியா?"

ஏன் சிரிப்பு? இறந்தவரை வெறும் வயிற்றில் வரச் சொல்வதால். சோதனையில் தேறிவிட்டது. ஆனால் கவிதையைத் தாங்குவது குறுஞ்செய்தி அல்ல, அம்மாவின் கேள்வி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின இரவு அவள் கேட்ட கேள்வி அது என்று சொல்லாமலே தெரிகிறது. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாட்களில் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாள் என்பதும் வாசகருக்குத் தட்டுப்படலாம்; தட்டுப்படாவிட்டால் சுட்டிக்காட்ட வேண்டாம்.

இங்கே பொதுவாக நடக்கும் பிழை, காகிதத்தைத் திருத்தி எழுதுவது. "சொர்க்கத்திலிருந்து ஆட்டோவில் வரவும்" என்று குறுஞ்செய்தியில் ஒரு வரி சேர்த்தால் கதை முடிந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தை அதன் உயிரற்ற நடையிலேயே விட வேண்டும். உண்மையான ரசீதையோ பலகையையோ பார்த்து அதன் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், படுக்கை எண், மருத்துவமனைப் பெயர் மூன்றையும் மட்டும் நீக்கிவிடுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் நோய் உங்கள் கவிதைக்கு உரிய சொத்து அல்ல. அவர் கவிதைக்குள் வந்தே தீர வேண்டும் என்றால் வயது, ஊர், நோய் மூன்றையும் மாற்றுங்கள்.

எழுதுபவரே நோயாளி என்றால் சுதந்திரம் அதிகம். தன் சிறுநீர்ப் பையை, தன் பின்பக்கம் மூடாத ஆஸ்பத்திரி அங்கியை, மயக்க மருந்தில் தான் உளறியதை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். அதே கேலியைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் எழுதினால் அது வேறு பொருள் கொள்ளும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது எப்படி

இறந்தவரைத் தெரியாத ஒருவரிடம் கவிதையைக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "இறந்தது யார், எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். "தனியாகப் படம்கூட எடுத்துக்கொள்ளாத ஒருத்தர்" என்று வந்தால் வேலை முடிந்தது. "அந்தக் கடைக்காரர் இருநூறு கேட்டாரே" என்று அதையே சொல்லிச் சிரித்தால் கடைக்காரர் வரி நீளமாகிவிட்டது என்று அர்த்தம். அதைச் சுருக்க வேண்டும். அவர் சிரிக்கவே இல்லை, உங்களைப் பரிதாபமாகப் பார்க்கிறார் என்றால், பெரும்பாலும் முதல் நான்கு வரிக்குள் எங்கோ சோகத்தை அறிவித்துவிட்டீர்கள். அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுங்கள். முதலாமவர் இனி புதிதாக வாசிக்க முடியாது.

வெளியே விடும் முன்

கவிதையில் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் அச்சுக்கு முன் காட்டிவிட வேண்டும். மறுப்பு வந்தால் சமாதானம் பேசாமல் விவரத்தை மாற்றுங்கள்: கல்யாணப் படம் காதுகுத்துப் படமாகலாம், அத்தை மகள் சித்தி மகளாகலாம். மாற்ற முடியாத விவரமும் ஒன்று இருக்கும். பிளக்ஸ் கவிதையில் அது அம்மாவின் கை. பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தங்கள் முன்னால் ஒரு கவிதை வாசிக்கச் சொன்னால், அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் முன்கூட்டியே கேட்டுச் சம்மதிக்காமல் அதை எடுக்கக் கூடாது. கூட்டம் முழுக்கத் திரும்பி அவர் கையைப் பார்க்கும்.